பையன்களிடம் தப்பாக நடப்பவர்கள் யார்?

“எங்கள் தெருவில் மூன்று திருநங்கைகள் வாடகைக்கு வந்திருக்கிறார்கள். மகனின் டியூஷன் சார் ஒரு ‘கே’ என்றும் பேச்சு அடிபடுகிறது. பையன்களிடம் தப்பாக நடப்பவர்கள் இவர்கள்தான், கணக்கில்லாத ஆட்களோடு போகிறவர்கள் என்று அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதுகிறார்கள். இதற்கெல்லாம் உண்மையில் ஆதாரம் இருக்கிறதா? மகனுக்கு 9 வயது.”

முதல் பேச்சுக்கு ஆதாரம் இல்லை. தேடிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கிடைத்தது வேறு ஒன்று. இரண்டாவது பேச்சில் பாதி உண்மை இருக்கிறது, ஆனால் அது எப்படிப்பட்ட பாதி என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளான குழந்தைகளோடும் அவர்களின் பெற்றோரோடும் பல ஆண்டுகளாக வேலை செய்யும் ஆலோசகர் நான். உங்கள் பயத்தைச் சின்னதாக நினைக்கவில்லை. அந்தப் பயம் தவறான பக்கம் திரும்பிவிட்டால் குழந்தைக்கு என்ன ஆகும் என்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

குழப்பம் எங்கே தொடங்குகிறது தெரியுமா? ஓர் ஆண் ஒரு பையனிடம் தப்பாக நடந்தால், “ஆண் ஆணிடம் போயிருக்கிறான், அப்படியானால் அவன் தன்பாலீர்ப்பாளன்” என்று மனம் உடனே கணக்குப் போட்டுவிடுகிறது. அதே ஓர் ஆண் ஆறு வயதுப் பெண் குழந்தையிடம் தப்பாக நடந்தால், “இவனுக்குப் பெண்கள் மேல் ஈர்ப்பு, அதனால் பெண்களை விரும்பும் ஆண்கள் எல்லோருமே ஆபத்து” என்று யாரும் சொல்வதில்லை. அங்கே குழந்தையை ஒரு பெண்ணாக நினைக்காமல் குழந்தையாகவே பார்க்கிறோம். பையன் என்றால் மட்டும் அந்தப் பார்வை மாறிவிடுகிறது. குழந்தை மேல் கை வைப்பவனுக்குப் பல நேரங்களில் குழந்தை ஆணா பெண்ணா என்பது பெரிய விஷயமே இல்லை. யார் தனியாகக் கிடைக்கிறார்கள், யார் வெளியே சொல்ல மாட்டார்கள் என்பதைத்தான் அவன் பார்க்கிறான்.

என்னிடம் வந்த ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள் (அடையாளம் தெரியக்கூடிய எதையும் சொல்லவில்லை). பையனுக்கு உங்கள் மகனின் வயதுதான். எட்டு மாதமாக நடந்திருக்கிறது. செய்தவர் உறவுக்காரர், கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள், கோயில் கமிட்டியில் இருக்கிறவர். அப்பா முதலில் என்னிடம் கேட்டது, “ஆனா அவர் அந்த மாதிரி ஆள் இல்லையே மேடம்?” என்பதுதான். அவர் அப்படிக் கேட்டதில் தப்பே இல்லை. பையனை அனுப்பும்போது அந்த வீட்டில் எல்லோரும் ‘அந்த மாதிரி’ ஆள் யார் என்று பார்த்திருக்கிறார்கள். பெண்மை கலந்த நடையோடு இருந்த எதிர்வீட்டு இளைஞனிடம் பையனைப் பேசவே விட்டதில்லை. உறவுக்காரர் வீட்டுக்கு மட்டும் சனிக்கிழமை தோறும் இரவு தங்க அனுப்பினார்கள்.

இது ஒரு வீட்டுக் கதைதானே என்று நீங்கள் கேட்கலாம். சரி, எண்ணிப் பார்த்தவர்களிடம் போவோம். அமெரிக்காவில் டென்வர் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் கரோல் ஜென்னி என்ற குழந்தை மருத்துவரும் உடன் வேலை செய்தவர்களும் இதே கேள்வியை எடுத்துக்கொண்டு 1994-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பாலியல் துன்புறுத்தல் சந்தேகத்தில் கொண்டுவரப்பட்ட 352 குழந்தைகளின் மருத்துவக் கோப்புகளை அவர்கள் படித்தார்கள். செய்த பெரியவர் யார் என்று தெரிந்தவை 269. அந்த 269 பேரில் தன்பாலீர்ப்பாளர் என்று அடையாளம் காண முடிந்தவர்கள் இரண்டு பேர். 222 பேர், அதாவது பத்துக்கு எட்டு பேருக்கு மேல், குழந்தையின் நெருங்கிய உறவினருடைய எதிர்பால் துணை. அம்மாவின் கணவன், அத்தையின் கணவன், பாட்டியின் துணைவர், இப்படி.

இந்த ஆய்வில் ஒரு குறையும் இருக்கிறது. அந்த மருத்துவர்கள் குற்றவாளிகளை நேரில் உட்கார வைத்து விசாரிக்கவில்லை. குடும்பத்தார் சொன்னதும் கோப்பில் எழுதியதும்தான் ஆதாரம். தன் ஈர்ப்பை மறைத்து வாழ்ந்த ஒருவர் அந்தக் கணக்கில் தப்பியிருக்கலாம். அதனால் ‘269-இல் 2’ என்ற எண்ணை யாரும் கல்வெட்டு மாதிரி பிடித்துக்கொள்ள வேண்டாம். இந்தக் கேள்வியை வேறு வழியிலும் பார்த்திருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம்.

அந்த வேறு வழி மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நடந்தது. நிக்கலஸ் க்ரோத் என்ற உளவியலாளரும் ஜீன் பிர்ன்பாமும் 1978-இல் வெளியிட்ட ஆய்வு அது. குழந்தைகள் மேல் பாலியல் குற்றம் செய்து தண்டனை பெற்ற 175 ஆண்களை எடுத்துக்கொண்டு, ‘பெரியவர்களிடம் உங்களுக்கு யார் மேல் ஈர்ப்பு?’ என்ற கேள்வியைக் குற்றத்திலிருந்து பிரித்துத் தனியாகப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட பாதிப் பேருக்குப் பெரியவர்கள் மேல், ஆணோ பெண்ணோ, ஈர்ப்பு என்று ஒன்று வளரவே இல்லை. அவர்களின் கவனம் முழுக்கக் குழந்தைகள் மேல்தான். அப்படிப்பட்டவனைத் தன்பாலீர்ப்பாளன் என்றோ எதிர்பாலீர்ப்பாளன் என்றோ சொல்வதில் அர்த்தமே இல்லை. மீதிப் பேர் பெரியவர்களோடு வாழ்க்கை நடத்தியவர்கள், ஏதோ ஒரு கட்டத்தில் குழந்தையிடம் திரும்பியவர்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்களோடு வாழ்ந்தவர்கள். சிலர் இருபாலரிடமும் ஈர்ப்பு உள்ளவர்கள், ஆனால் பெண்கள் பக்கமே சாய்வு அதிகம். பெரியவர்களில் ஆண்களை மட்டுமே விரும்பியவர் அந்த 175 பேரில் ஒருவர்கூட இல்லை. பையன்களைத் துன்புறுத்திய பலர் அந்த 175 பேரில் இருந்தும் இதுதான் முடிவு. பிடிபட்டுத் தண்டனை பெற்றவர்கள் மட்டுமே அதில் இருக்கிறார்கள் என்பது இந்த ஆய்வின் எல்லை.

இங்கே ஒருவர் குறுக்கிட்டு, “அப்போ சர்ச்சில் நடந்தது?” என்று கேட்பார். அமெரிக்கக் கத்தோலிக்கப் பாதிரியார்கள் மேல் வந்த புகார்களில் பாதிக்கப்பட்டவர்கள் பத்துக்கு எட்டு பேர் பையன்கள். நியூயார்க்கின் ஜான் ஜே குற்றவியல் கல்லூரி ஆயர் பேரவைக்காகவே இதை ஆராய்ந்து 2011-இல் அறிக்கை கொடுத்தது. தன்பாலீர்ப்பு உள்ள பாதிரியார்கள் மற்றவர்களைவிட அதிகமாகக் குழந்தைகளைத் துன்புறுத்தினார்கள் என்பதற்கு அந்த அறிக்கையில் ஆதாரம் கிடைக்கவில்லை. பலிபீடத்தில் உதவி செய்ததும் பாதிரியாரோடு தனியாகப் பயணம் போனதும் அந்தக் காலத்தில் பையன்கள்தான். பாதிரியாரின் கைக்கு எட்டியவர்களும் அவர்கள்தான்.

இப்போது நம் ஊர். மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் 13 மாநிலங்களைச் சேர்ந்த 12,447 குழந்தைகளிடம் நேரில் கேட்டார்கள். பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் பையன்கள் பெண் குழந்தைகளைவிடச் சற்று அதிகம், நூற்றுக்கு 53 பேர். ஏறக்குறைய பாதிச் சம்பவங்களில் செய்தவர் குழந்தைக்குத் தெரிந்தவர், குழந்தை நம்பியவர். பையன்கள் மேல் நடப்பது இவ்வளவு பரவலாக இருக்கும்போது, அதை ஊரில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஒரு சிறு கூட்டம் செய்கிறது என்று நம்புவது எப்படி? இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். நம் அரசுக் கணக்குகள் எதிலும் குற்றம் செய்தவரின் பாலீர்ப்பு பதிவாவதில்லை. அதனால் “இந்தியப் புள்ளிவிவரப்படி கே ஆட்கள்தான்” என்று யாராவது குரூப்பில் எழுதினால், அப்படி ஒரு புள்ளிவிவரமே கிடையாது.

தன்பாலீர்ப்பையும் குழந்தைத் துன்புறுத்தலையும் ஒன்றாகப் பார்க்கும் பழக்கத்தை நமக்குச் சட்டமே கற்றுக்கொடுத்தது. 1860-இல் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு, விருப்பப்பட்டுச் சேர்ந்த இரண்டு பெரியவர்களையும் பையனைச் சீரழித்தவனையும் ஒரே வரியில், ‘இயற்கைக்கு மாறான குற்றம்’ என்று வைத்தது. பலாத்காரச் சட்டம் பெண்களுக்கு மட்டுமே என்பதால், 2012-இல் போக்சோ சட்டம் வரும்வரை நாட்டின் பெரும்பகுதியில் பையனுக்கு நடந்த கொடுமையைப் பதிய 377-ஐ விட்டால் கனமான பிரிவு வேறு இல்லை. 2009-இல் டெல்லி உயர் நீதிமன்றம் பெரியவர்களின் விருப்ப உறவை அந்தப் பிரிவிலிருந்து விலக்கியபோதுகூட, பிரிவு முழுவதையும் நீக்க முடியாமல் போனதற்குக் குழந்தைகள் பாதுகாப்பு ஒரு காரணம். 150 ஆண்டுகளாக போலீஸ் ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் பத்திரிகையிலும் ஒரே எண்ணில் பதிந்த இரண்டு விஷயங்கள் மக்கள் மனதிலும் ஒன்றாகவே ஒட்டிக்கொண்டன. உச்ச நீதிமன்றம் 2018-இல் இரண்டையும் பிரித்துவிட்டது. நம் பேச்சு இன்னும் பிரிக்கவில்லை.

திருநங்கைகள் விஷயத்தில் இது இன்னும் வெளிப்படையாக நடந்தது. 1871-இல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த குற்றப் பரம்பரையினர் சட்டத்தைத் தமிழ்நாட்டில் நாம் நன்றாகவே அறிவோம். அதன் இரண்டாம் பகுதி ‘அலிகள்’ பற்றியது என்பது பலருக்குத் தெரியாது. சிறுவர்களைக் கடத்துவார்கள், ஆண்மை நீக்குவார்கள் என்று சந்தேகிக்கப்பட்டவர்களைப் பதிவேட்டில் எழுத அது உத்தரவிட்டது. அப்படிப் பதிவானவர் பொது இடத்தில் பெண் உடை உடுத்தினாலோ ஆடினாலோ வாரண்டு இல்லாமல் கைது. 16 வயது நிறையாத ஒரு பையன் அவர் வீட்டில் இருந்தால் இரண்டு ஆண்டு வரை சிறை. இந்தச் சந்தேகம் எவ்வளவு சரியாக இருந்தது? அந்தக் காலத்து ஆவணங்களை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ஜெசிக்கா ஹின்சி சொல்வதன்படி, 1860-க்கும் 1880-க்கும் இடையே பதிவு செய்யப்பட்டவர்களின் வீடுகளில் அதிகாரிகள் கண்ட பையன்கள் 90 முதல் 100 பேர்தான். அவர்களில் ஆண்மை நீக்கப்பட்டவர்கள் மிகச் சிலர். பெரும்பாலானோர் பெற்ற தாய் தகப்பனோடுதான் அந்த வீடுகளில் இருந்தார்கள்.

ஒரு வழக்கைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். மொராதாபாத் பக்கத்தைச் சேர்ந்த கைராத்தி என்பவர் ஏற்கெனவே போலீஸ் கண்காணிப்பில் இருந்தார். சொந்தக் கிராமத்துக்குப் போனபோது பெண் உடையில், ஒரு வீட்டுப் பெண்களோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார். பிடித்தார்கள். மருத்துவப் பரிசோதனை என்ற பெயரில் அவர் உடலைச் சோதித்து, ஆண்களோடு உறவுக்குப் ‘பழக்கப்பட்டவர்’ என்று எழுதி வாங்கி, 377-இல் தண்டித்தார்கள். 1884-இல் வழக்கு அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே நீதிபதி கண்டது என்ன? குற்றப்பத்திரிகையில் எந்த நாள் என்று இல்லை, எந்த இடம் என்று இல்லை, யாரோடு என்றும் இல்லை. அதிகாரிகளின் நோக்கத்தைப் பாராட்டிவிட்டு, இந்த வழக்கு நிற்காது என்று அவரை விடுதலை செய்தார். பெண் உடையில் பாடியதைத் தவிர கைராத்தி எதுவும் செய்ததாக யாரும் காட்டவில்லை. 2014-இல் திருநர் உரிமைத் தீர்ப்பை எழுதியபோது உச்ச நீதிமன்றம் இந்த வழக்கை நினைவுபடுத்தியது.

நாளும் இடமும் ஆளும் இல்லாத அதே குற்றப்பத்திரிகைதான் இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது. 2018 மே மாதம் ஹைதராபாத்தில் குழந்தை கடத்தல் வதந்தியால் ஒரு திருநங்கையைக் கூட்டம் அடித்தே கொன்றது. 2024 பிப்ரவரியில் சென்னைப் புறநகர் பம்மலில் அதே வதந்தியால் ஒரு திருநங்கையைக் கம்பத்தில் கட்டி வைத்து அடித்தார்கள். இரண்டு இடத்திலும் எந்தக் குழந்தையும் காணாமல் போயிருக்கவில்லை. உங்கள் குரூப்பில் வரும் செய்தியில் எந்தத் தேதி, எந்தக் காவல் நிலையம், எந்தக் குழந்தை என்று கேட்டுப் பாருங்கள். என் அனுபவத்தில் அதற்கு இதுவரை பதில் வந்ததில்லை.

திருநங்கைகள் பெண்கள் கழிப்பறைக்கு வந்தால் ஆபத்து என்ற பயத்தையும் அமெரிக்காவில் சோதித்திருக்கிறார்கள். மாசசூசெட்ஸில் சில ஊர்கள் திருநர்கள் தங்கள் பாலினத்துக்கு உரிய கழிப்பறைக்குப் போகலாம் என்று விதி போட்டன, சில ஊர்கள் போடவில்லை. ஒரே மாதிரியான ஊர்களை ஜோடி ஜோடியாக எடுத்து, கழிப்பறை, உடை மாற்றும் அறைகளில் பதிவான குற்றங்களை ஒப்பிட்டது 2018-இல் வந்த ஓர் ஆய்வு. விதி போட்ட ஊர்களில் குற்றம் கூடவில்லை. இரண்டு வகை ஊர்களிலும் அப்படிப்பட்ட சம்பவங்கள் மிக மிக அரிது.

அப்புறம் அந்த ‘கணக்கில்லாத ஆட்கள்’. இந்தப் பேச்சு அடிக்கடி சாய்ந்துகொள்ளும் ஓர் எண், ஆலன் பெல், மார்ட்டின் வைன்பெர்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1978-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வருகிறது. அதில் வெள்ளை இன ஆண்களில் நூற்றுக்கு 28 பேர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துணைகள் என்று சொன்னார்கள். அந்த ஆண்களை எங்கே கண்டுபிடித்தார்கள் என்பதைப் பாருங்கள். சான்பிரான்சிஸ்கோ, 1969–70. அவர்களுக்கான மதுக்கடைகள், குளியல் விடுதிகள், பொது இடங்கள், தெரிந்தவர் மூலம் தெரிந்தவர். டாஸ்மாக் வாசலில் நின்று கேட்டு, தமிழ்நாட்டு ஆண்கள் எவ்வளவு குடிக்கிறார்கள் என்று எழுதுவது போன்றது அது. தங்கள் மாதிரி எல்லோரையும் குறிக்காது என்று அந்த ஆய்வாளர்களே எழுதியிருந்தார்கள். அந்த எச்சரிக்கை உதிர்ந்துபோய் எண் மட்டும் ஊர் சுற்றியது.

நம் நாட்டிலும் இதே கதைதான். ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களைப் பற்றி இங்கே இருக்கும் தகவலில் பெரும்பகுதி எச்ஐவி தடுப்புத் திட்டங்களிலிருந்து வருகிறது. அந்தத் திட்டங்கள் ஆபத்து அதிகமான இடங்களைத் தேடித்தான் போகும், பூங்கா, பேருந்து நிலையம், கடற்கரை என்று. அது அவற்றின் வேலை. பத்து வருடமாக ஒரே துணையோடு கூட்டாக வீட்டு வாடகை கொடுத்துக்கொண்டு, கேட்டால் ‘ரூம்மேட்’ என்று சொல்லி வாழும் இருவர் அந்தக் கணக்கில் ஒருநாளும் வர மாட்டார்கள்.

ஆனாலும் இதில் பாதி உண்மை என்று ஏன் சொன்னேன்? மேலை நாடுகளில் இன்னும் கவனமாக எடுத்த ஆய்வுகளிலும் தன்பாலீர்ப்புள்ள ஆண்களின் வாழ்நாள் துணைகளின் எண்ணிக்கை மற்ற ஆண்களைவிட அதிகமாகத்தான் வருகிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. அந்தச் சராசரிக்குள் மிக அதிக எண்ணிக்கை சொல்லும் ஒரு சிறு பகுதியினரும், ஒன்றிரண்டு துணையோடு இருக்கும் பெரும் பகுதியினரும் சேர்ந்தே இருக்கிறார்கள். ஊரறிய ஜோடியாக வாழ வழியில்லாத இடத்தில், இருட்டில் சந்தித்துப் பெயர் சொல்லாமல் பிரிவதுதான் பாதுகாப்பு என்றாகிவிடுகிறது. கல்யாணம், உறவுக்காரர்களின் கண், பிள்ளைகள், கூட்டுக் கடன் என்று ஒரு ஜோடியைச் சேர்த்துக் கட்டும் கயிறுகள் எதுவும் அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை.

திருநங்கைகளைப் பொறுத்தவரை மக்கள் கண்ணில் படுவது பாலியல் தொழில். அதை ஆசை என்று நினைப்பது பெரிய தவறு. பதினைந்து பதினாறு வயதில் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டு, பள்ளிப் படிப்பு நின்று, வாடகை வீடு கிடைக்காமல், வேலைக்குப் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டால் மிச்சம் இருப்பது இரண்டு வழி: கடை கடையாகப் போய்க் காசு கேட்பது, அல்லது இரவில் நிற்பது. என்னிடம் வந்த ஒருவர் கணினிப் பட்டயப் படிப்பு முடித்தவர், 11 இடத்தில் நேர்காணலுக்குப் போனவர். பன்னிரண்டாவது இடத்தில் வேலை கிடைத்த மாதமே தெருவில் நிற்பதை நிறுத்திவிட்டார். அவர்களைத் தேடி வருகிறவர்களில் எத்தனையோ பேர் கல்யாணமான ஆண்கள் என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். சட்டம் அவர்களை எப்படி மதிக்கிறது என்பதற்கு ஒன்று சொல்கிறேன்: 2019-ஆம் ஆண்டுத் திருநர் சட்டத்தில், ஒரு திருநரைப் பாலியல் ரீதியாகக் கொடுமைப்படுத்தினால் அதிகபட்சத் தண்டனை இரண்டு ஆண்டுகள். ஒரு பெண்ணைப் பலாத்காரம் செய்தால் குறைந்தபட்சமே பத்து ஆண்டுகள்.

சரி, உங்கள் மகன். டியூஷன் சாருக்கு யார் மேல் ஈர்ப்பு என்று துப்பறிந்து உங்களுக்கு எந்தத் தகவலும் கிடைக்காது. அவர் கல்யாணமானவர் என்று தெரிந்தாலும் பாதுகாப்பு கூடிவிடாது. நீங்கள் பார்க்க வேண்டியது நடத்தையை. டியூஷன் கதவு திறந்திருக்கிறதா, மற்றப் பிள்ளைகள் போன பிறகும் இவனை மட்டும் நிறுத்தி வைக்கிறாரா, காரணமில்லாமல் பரிசு, செல்போன், பணம் கொடுக்கிறாரா, “அம்மாகிட்ட சொல்லாதே” என்று எதையாவது பழக்குகிறாரா, வேண்டாம் என்று அவன் சொன்ன பிறகும் கிச்சுகிச்சு மூட்டுவது, மடியில் உட்கார வைப்பது தொடர்கிறதா. இதையே சித்தப்பா, வேன் டிரைவர், கராத்தே மாஸ்டர், மேல்வீட்டு அண்ணன் எல்லோருக்கும் பாருங்கள். பெண்களையும் விட்டுவிடாதீர்கள். ஒருவர் வீட்டுக்குப் போகும் நாளில் மட்டும் அவனுக்கு வயிறு வலித்தால், திடீரென்று படுக்கையை நனைக்க ஆரம்பித்தால், குளிக்கும்போது கதவைத் தாழ் போட்டுக்கொள்ள ஆரம்பித்தால், திட்டாமல் பக்கத்தில் உட்காருங்கள். அவன் ஏதாவது சொன்னால், அந்த ஆள் யாராக இருந்தாலும், முதலில் நம்புங்கள். 1098-ஐக் கூப்பிடலாம், நேரே மகளிர் காவல் நிலையத்துக்கும் போகலாம். தெரிந்தும் மறைப்பது போக்சோ சட்டப்படி குற்றம், ‘குடும்ப மானம்’ அதில் விலக்கு இல்லை.

நான் சொன்ன அந்தப் பையன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். அந்த எட்டு மாதத்தில் அவன் ஒரே ஒரு தடவை வெளியே சொல்லப் பார்த்திருக்கிறான். பேசவே விடாத அந்த எதிர்வீட்டு இளைஞனிடம் போய் நின்றிருக்கிறான். அம்மா பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டுவிட்டார்.